எஞ்சினை இரண்டு மடங்காக்கியும் படகு ஏன் எழும்பவில்லை?

"எங்களுடையது 42 அடி மர விசைப்படகு, எடை ஏறக்குறைய 20 டன். 90 ஹெச்பி எஞ்சினில் எட்டு, எட்டரை நாட் வேகத்தில் போனது. போன வருஷம் 180 ஹெச்பி மாற்றினோம். ஒன்பதைத் தாண்டவில்லை, டீசல் மட்டும் குடிக்கிறது. பக்கத்தில் 22 அடி ஃபைபர் போட் ஒன்று 100 ஹெச்பி அவுட்போர்டில் தண்ணீர் மேலே பறந்து போகிறது. எங்கள் படகு ஏன் அப்படி எழும்பவில்லை? இன்னும் பெரிய எஞ்சின் வைத்தால் எழும்புமா?"

எழும்பாது. எஞ்சின் மேல் சந்தேகப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. நீங்கள் கொடுத்த கூடுதல் 90 ஹெச்பி எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் அடுத்த முறை கடல் அமைதியாக இருக்கும்போது படகின் பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். அலையாகப் போகிறது.

மெதுவாக, நாலு நாட்டில், அதாவது மணிக்கு நாலு கடல்மைல் வேகத்தில், ஓட்டச் சொல்லிவிட்டு முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை தண்ணீர்க் கோட்டை ஒட்டிப் பாருங்கள். அணியத்தில் ஒரு மேடு, கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளம், மறுபடி மேடு என்று சின்னச் சின்ன அலைகள் படகோடு கூடவே வரும். முகட்டுக்கு முகடு அளந்தால் இரண்டே முக்கால் மீட்டர் இருக்கும், அதாவது உங்கள் படகின் நீளத்துக்குள் நாலு அலை அடங்கும். ஆறு நாட்டுக்கு ஏற்றினால் அந்த இடைவெளி ஆறு மீட்டராகி, இரண்டு அலைதான் அடங்கும். இது எந்தப் படகுக்கும் பொது. ஆழமான தண்ணீரில் அலையின் நீளமும் அதன் வேகமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி 1.56-ஆல் வகுத்தால் அலை நீளம் மீட்டரில் வரும். படகு எழுப்பும் அலை படகோடு சேர்ந்தே வர வேண்டும் என்பதால் படகின் வேகம்தான் அலையின் வேகம். வேகம் கூடினால் அலை நீண்டே ஆக வேண்டும், வேறு வழி அதற்கு இல்லை.

42 அடி என்றால் தண்ணீர்க் கோட்டில் உங்களுக்கு 12 மீட்டர், கிட்டத்தட்ட 39 அடி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 8.4 நாட்டில் அலையின் நீளமும் சரியாக 12 மீட்டர். அணியத்தில் ஒரு முகடு, அமரத்தில் ஒரு முகடு, நடுவில் ஒரே பெரிய பள்ளம். படகு ஊஞ்சல் பலகை மாதிரி இரண்டு முகட்டிலும் தொங்கிக்கொண்டு போகும். இந்த வேகத்தைத்தான் ஹல் ஸ்பீடு என்கிறார்கள். அதற்கான சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்:

V = 1.34 × √L

L தண்ணீர்க் கோட்டு நீளம், அடியில். V நாட்டில். அந்த 1.34-இல் மந்திரம் எதுவும் இல்லை, மேலே சொன்ன அலைக் கணக்கையே அடிக்கும் நாட்டுக்கும் மாற்றி எழுதினால் வரும் எண் அது. எஞ்சின், எடை, வடிவம் எதுவும் அந்தச் சூத்திரத்துக்குள் கிடையாது, நீளம் மட்டும்தான். அதனாலேயே பலர் இதை உடைக்க முடியாத சுவர் என்று நினைத்துவிடுகிறார்கள். சுவர் இல்லை, ஏற்றம். எவ்வளவு செங்குத்து என்பது எடையைப் பொறுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒன்பது நாட். அலை பதிமூன்றே முக்கால் மீட்டராகிவிட்டது, படகு இன்னும் 12 தான். பின் முகடு அமரத்தைத் தாண்டி ஒன்றே முக்கால் மீட்டர் பின்னால் நழுவிவிட்டது. அது வரைக்கும் அமரத்தைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் மேடு காணாமல் போய், அமரம் பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பிக்கிறது. அணியம் தன் முகட்டிலேயே நிற்கிறது. அதாவது படகு தானே எழுப்பிய மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறப் பார்க்கிறது, ஏற ஏற மேடும் கூடவே நகர்கிறது. பத்து நாட் என்றால் அலை 17 மீட்டர், இன்னும் மோசம்.

இதன் விலையைப் பாருங்கள். தண்ணீர் உடலில் உராய்வதால் வரும் தடை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். அலைத்தடை அப்படி இல்லை. அலையில் அடங்கும் ஆற்றல் அலை உயரத்தின் இருமடியைப் பொறுத்தது, உயரமோ தோராயமாக வேகத்தின் இருமடியில் வளர்கிறது. ஆக வேகத்தின் நான்காம் மடியில் தடை ஏறுகிறது, ஹல் ஸ்பீடுக்குப் பக்கத்தில் அதைவிடவும் செங்குத்தாக. ஆறு நாட்டில் பெரும்பங்கு உராய்வு, ஒன்பதில் பெரும்பங்கு அலை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கலாம் என்று காட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். 1860-களில் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து, அளவு வேறானாலும் வடிவம் ஒன்றாக இருந்தால், நீளத்தின் வர்க்கமூல விகிதத்தில் வேகத்தை வைக்கும்போது ஒரே மாதிரி அலை எழுகிறது என்று கண்டார். 1871-இல் கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலையே கயிறு கட்டி இழுத்துச் சரிபார்த்தார். வர்க்கமூலம் வந்தது அங்கிருந்துதான். நாலு மடங்கு நீளமான கப்பல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும்போது, உங்கள் படகின் அலைப் படமே பெரிதாக்கிய மாதிரி அதன் பக்கத்தில் தெரியும்.

சரி, அந்த ஃபைபர் போட் மட்டும் எப்படிப் போகிறது?

அது அலையைத் தாண்டி ஓடவில்லை, அலை எழுப்புவதையே குறைத்துக்கொண்டுவிட்டது. உங்கள் படகு மிதக்கிறது. தன் எடைக்குச் சமமான தண்ணீரை, அதாவது 20 டன்னை, ஒதுக்கித் தள்ளிவிட்டு அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. நகரும்போது ஒவ்வொரு 12 மீட்டருக்கும் 20 டன் தண்ணீரைப் பக்கவாட்டில் பிளந்து, பின்னால் மூடிக்கொண்டே போக வேண்டும். ஃபைபர் போட்டோ வேகம் பிடித்ததும் தண்ணீர் அதன் தட்டையான அடியில் மோதிக் கீழே தள்ளப்படுகிறது, அந்த எதிர்விசை படகைத் தூக்குகிறது. ஆற்றில் தட்டைக் கல்லை விட்டெறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதே விஷயம்தான். எடையைத் தாங்குவது மிதவை விசையிலிருந்து இந்தத் தூக்கு விசைக்கு மாறும்போது படகு மேலே வருகிறது, குழி ஆழம் குறைகிறது, அலையும் சின்னதாகிறது. இதுதான் பிளேனிங்.

உங்கள் படகால் இது ஏன் முடியாது என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். பேச்சுக்கு, உங்கள் படகின் அடியை மாற்றி, 4 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள நல்ல தட்டை அடி வைத்துவிட்டோம், நாலு டிகிரி மூக்குத் தூக்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8.4 நாட்டில் அந்த அடி தரும் தூக்கு விசை ஒன்று, ஒன்றரை டன். தூக்க வேண்டியது 20 டன். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தூக்கு விசையும் வேகத்தின் இருமடியில் கூடும் என்பதால் 15 நாட்டில் அதே அடி நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேல் தரும், 20 நாட்டில் ஏழெட்டு டன். பார்த்தீர்களா? இதே அடி உள்ள படகு நாலு டன்தான் எடை என்றால் 15 நாட்டில் அது மேலே வந்து ஓடிக்கொண்டிருக்கும். 20 டன் படகு 20 நாட்டில்கூடப் பாதிக்கு மேல் எடையை இன்னும் மிதந்துதான் சுமக்கிறது.

அந்த 20 நாட்டுக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. நடுவில் ஒரு திமில் இருக்கிறது. ஹல் ஸ்பீடைத் தாண்டியும் பிளேனிங் வேகத்தை எட்டாமலும் இருக்கும் இடத்தில் படகுக்கு இரண்டு உலகத்தின் கஷ்டமும் சேர்ந்து வரும்: தண்ணீரையும் பிளக்க வேண்டும், மூக்கையும் தூக்கிக்கொண்டு தன் எடையை மேட்டில் ஏற்ற வேண்டும். ஏழு டிகிரி மேட்டில் 20 டன்னை ஏற்ற எவ்வளவு இழுவை வேண்டுமென்று பாருங்கள், இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். திமிலில் ஒரு படகுக்கு வரும் தடையும் ஏறத்தாழ இந்த அளவில்தான், எடையில் எட்டில் ஒரு பங்கு பக்கம். 12 நாட்டில் அந்த விசையைக் கொடுக்க, புரொப்பெல்லரில் பாதி வீணாவதையும் சேர்த்தால், 400 ஹெச்பி வேண்டும். திமிலைக் கடந்து 20 நாட்டில் நிலையாக ஓட ஆயிரம் ஹெச்பி பக்கம் வந்துவிடும். அதுவும் நாம் கற்பனையில் வைத்த தட்டை அடிக்குத்தான்.

ஒரே கணக்கில் பார்க்க ஆசைப்பட்டால், ஒரு ஹெச்பி எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்று பாருங்கள். அந்த ஃபைபர் போட் ஆளோடு சேர்த்து ஒன்றரை டன் இருக்கும், ஹெச்பிக்கு 15 கிலோ. உங்களுடையது 180 ஹெச்பியிலும் 110 கிலோவுக்கு மேல். ஆயிரம் ஹெச்பி வைத்தால் 20 கிலோ என்று சொல்லலாம், ஆனால் அந்த எஞ்சினின் எடை, கியர்பாக்ஸ், தண்டு, மணிக்கு 200 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கான டீசல் எல்லாம் ஏறிய பிறகு 20 டன் 20 டன்னாகவா இருக்கும்? அதைத் தூக்க இன்னும் பெரிய எஞ்சின், அதைச் சுமக்க இன்னும் எடை. இந்த வட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

எடையை விடவும் விடாப்பிடியான தடங்கல் ஒன்று உண்டு, படகின் பின்பாதி வடிவம். படகைக் கரையேற்றும்போது அமரத்துப் பக்கம் குனிந்து பாருங்கள். அடிப்பலகை நடுவிலிருந்து அமரத்தை நோக்கி மேலே வளைந்து வரும். மிதந்து ஓடும் படகுக்கு அது சரியான வடிவம். பிளந்த தண்ணீர் சத்தமில்லாமல் பின்னால் வந்து மூடிக்கொள்ளும், சுழல் குறையும், ஆறேழு நாட்டில் டீசல் மிச்சம். ஆனால் வேகம் கூடும்போது அதே வளைவு எதிரியாகிவிடுகிறது. வளைவை ஒட்டி ஓடும் தண்ணீர் வேகமெடுக்கிறது, வேகமெடுத்தால் அழுத்தம் குறைகிறது, குறைந்த அழுத்தம் அமரத்தைக் கீழே உறிஞ்சுகிறது. குழாயைத் திறந்துவிட்டு ஒரு கரண்டியின் முதுகை ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும், நடப்பது நேர்மாறு, கரண்டி தண்ணீருக்குள் இழுக்கப்படும். உங்கள் படகின் அமரம்தான் அந்தக் கரண்டி முதுகு. எவ்வளவு வேகமாக ஓட்டுகிறீர்களோ அவ்வளவு பலமாகக் கீழே இழுக்கும். எஞ்சினைக் கூட்டினால் தூக்குவதற்குப் பதில் உட்கார வைக்கும் வடிவம் அது. பிளேனிங் படகின் அடி பின்பாதியில் நேர்கோடாக வந்து, பின்பலகையில் கத்தியால் வெட்டிய மாதிரிக் கூரான ஓரத்தோடு முடிவதற்குக் காரணம் இதுதான்: தண்ணீர் வளைந்து மேலே ஏறாமல் அங்கேயே விட்டுப் பிரிய வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு யார்டில் 38 அடிப் படகு ஒன்றுக்கு இதே ஆசையில் 300 ஹெச்பிக்கு மேல் வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னோம், கேட்கவில்லை, நாங்களும் அதற்கு மேல் சொல்லவில்லை, அது எங்கள் தப்பு. சோதனை ஓட்டத்தில் முழு த்ராட்டில் கொடுத்ததும் அணியம் நன்றாகத் தூக்கியது. உரிமையாளர் முன்னால் நின்றுகொண்டு "எழும்புது, எழும்புது" என்று கத்தினார். நான் பின்னால் இருந்தேன். அமரத்து அலை விளிம்புப் பலகைக்கு ஒரு சாண் கீழே நின்றது, தளத்துத் தண்ணீர் வெளியே வடிவதற்காக வைத்த துளைகள் வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. புகை கரியாகக் கொட்டியது. ஜிபிஎஸ் பத்தைக்கூடத் தொடவில்லை.

மூக்குத் தூக்குவதை வைத்து ஏமாறாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நிஜமாக எழும்பும் படகில் முதலில் மூக்குத் தூக்கும், பிறகு திமிலைக் கடந்ததும் மூக்கு மறுபடி தணியும், அமரம் உயரும், பின்பலகை காய்ந்து தெரியும், பின்னால் வரும் அலை தட்டையாகிவிடும். த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தாலும் வேகம் அப்படியே நிற்கும். இதில் எதுவும் நடக்காமல் மூக்கு மட்டும் தூக்கி நிற்கிறது என்றால் படகு எழும்பவில்லை, பின்னால் குழி தோண்டுகிறது.

யாராவது வந்து "போர்க்கப்பல் ஹல் ஸ்பீடைத் தாண்டிப் போகிறதே" என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 1897-இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அழைக்காமல் புகுந்து எல்லாரையும் திகைக்க வைத்த டர்பினியா என்ற சோதனைக் கப்பல் ஏறக்குறைய 32 மீட்டர் நீளம், சூத்திரப்படி பதினாலு நாட்கூட இல்லை. அது ஓடியது 34 நாட். ஆனால் அதன் அகலம் வெறும் 2.7 மீட்டர், எடை 44 டன்தான், நீராவி டர்பைன் ஏறத்தாழ 2,000 ஹெச்பி. ஊசி மாதிரி உடல், நீளத்துக்கு எடை மிகக் குறைவு, அதனால் எழும் அலையே சின்னது. ஏற்றம் இருந்தது, மேடு தாழ்வு. இன்றைய இரட்டை உடல் கேட்டமரன்கள் வேகமாகப் போவதும் இதே காரணத்தால்தான். (அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, அந்தப் படகுக்கும் கட்டுமரத்துக்கும் வேறு சம்பந்தம் இல்லை.) உங்கள் படகின் எடையை நீளத்தோடு ஒப்பிடும் அளவு ஒன்று உண்டு. லாங் டன்னில் எடையை எடுத்து, அடியில் நீளத்தை நூறால் வகுத்து வந்ததின் மும்மடியால் வகுப்பார்கள். டர்பினியாவுக்கு 40 பக்கம் வரும். உங்களுக்கு 320. முந்நூறைத் தாண்டினாலே கனமான படகுதான். நடைமுறையில் அந்த எடைக்கு 1.34-ஐ விட நூலளவு கூட, 1.37 மாதிரி, அவ்வளவுதான் கிடைக்கும் என்று படகு வடிவமைப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது 8.6 நாட். நீங்கள் ஒன்பது எடுக்கிறீர்கள் என்றால் எஞ்சினை வதைத்து எடுக்கிறீர்கள்.

180 ஹெச்பி வீண் என்று சொல்லவில்லை. மடி வலை இழுக்கிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. மூன்று நாட்டில் அலைத்தடை ஒன்றுமே இல்லை, பெரிய புரொப்பெல்லரும் சரியான கியர் விகிதமும் இருந்தால் அந்த பலம் முழுக்க வலையில் இறங்கும். போய்வரும் ஓட்டத்துக்கு மட்டும்தான் அது உதவாது.

அந்த ஓட்டத்தையும் ரூபாயாகப் பார்க்கலாம். டீசல் எஞ்சின் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.2 லிட்டர் என்று தோராயமாக வைப்போம். 30 கடல்மைல் தூரத்துக்கு, ஒன்பது நாட்டில் முழு 180 ஹெச்பியும் கொடுத்தால் மூன்று மணி இருபது நிமிடம், 120 லிட்டர். 8.4 நாட்டில் 90 ஹெச்பி போதும், மூன்றரை மணிக்குச் சற்று மேல், 64 லிட்டர். 14 நிமிடத்தை மிச்சம் பிடிக்க 56 லிட்டர். 7.2 நாட்டுக்கு இறக்கினால் 50 ஹெச்பி பக்கம்தான் தேவைப்படும், நாலு மணி பத்து நிமிடம், 42 லிட்டர். அதிகாலை மீன் ஏலத்துக்குக் கரைக்கு ஓடும் நாளில் 8.4 வரை கொடுங்கள், மற்ற நாளில் ஏழு ஏழரையில் வையுங்கள்.

இந்த எண்கள் தோராயம்தான், உங்கள் படகுக்கு நீங்களே எடுத்துவிடலாம். காற்றும் நீரோட்டமும் இல்லாத நாளில் ஆறு நாட்டிலிருந்து அரை நாட் அரை நாட்டாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் ஓட்டி, எதிர்த்திசையிலும் ஒரு முறை ஓட்டி, டீசலைச் சின்ன டிரம்மில் அளந்து எழுதுங்கள். ஆழம் பத்து மீட்டருக்குக் குறையாத இடமாகப் பாருங்கள், ஆழம் குறைந்தால் அலை வேறு மாதிரி நடந்து கணக்கைக் கெடுத்துவிடும். எழுதியதில் எந்த அரை நாட்டில் டீசல் திடீரென்று தாவுகிறதோ, அந்த நேரம் பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள், பின் முகடு அமரத்தை விட்டு நழுவத் தொடங்கியிருக்கும்.